பெரிய கட்டியை விட்டுவிட்டுச் சின்னக் கட்டிக்கு ஊசியா?

அஸ்தம்பட்டிக்காரி | 11-06-2024, இரவு 9.40

அம்மாவுக்கு வயது 54. கழுத்தில் வலது பக்கம் வீக்கம் தெரிகிறது என்று ஸ்கேன் எடுத்தோம். தைராய்டில் இரண்டு கட்டி இருக்கிறதாம். வலது பக்கம் 32 மி.மீ., "ஸ்பாஞ்சிஃபார்ம், டைராட்ஸ் 1". இடது பக்கம் 13 × 11 × 9 மி.மீ., "சாலிட், ஹைப்போஎக்கோயிக், ஓரம் சீராக உள்ளது, டைராட்ஸ் 4". ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த டாக்டர் இடது பக்கத்துக்கு ஊசி டெஸ்ட், அதாவது ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பது, எழுதிக் கொடுத்தார். கண்ணுக்குத் தெரிகிற பெரிய கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இடது வலது மாற்றி எழுதிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். என் தம்பி அடித்தே சொல்கிறான், மாற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளிப்பட்டறை | 11-06-2024, இரவு 10.05

3 செ.மீ. கட்டியை விட்டுவிட்டு 1 செ.மீ. கட்டிக்கு ஊசியா? கண்டிப்பாக மாற்றித்தான் எழுதியிருக்கிறார். எங்கள் பெரியப்பாவுக்கு எலுமிச்சை அளவு இருந்தது, உடனே எடுத்தார்கள். இன்னொரு விஷயம், ஊசி குத்தினால் கட்டி கலைந்து பரவிவிடும் என்கிறார்கள். யோசித்துச் செய்யுங்கள்.

பழைய புரோப் | 11-06-2024, இரவு 11.15

மாற்றி எழுதவில்லை. டாக்டர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நான் 28 வருஷம் சேலத்தில் ஸ்கேன் பார்த்தவன், இப்போது ஏற்காட்டில் உட்கார்ந்து மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தைராய்டு கட்டியில் அளவு சந்தேகத்தைச் சொல்வதில்லை. சந்தேகத்தைச் சொல்வது அதன் தோற்றம். முதலில் தோற்றத்தை வைத்து மதிப்பெண் போட வேண்டும், அதை வைத்துத்தான் டைராட்ஸ் 1 முதல் 5 வரை வகை. அந்த மதிப்பெண்ணுக்கு எத்தனை மி.மீ. தாண்டினால் ஊசி என்று பார்க்கும்போதுதான் அளவு உள்ளே வருகிறது. வரிசையைத் திருப்பிப் போட்டால் ஊரில் பாதிப் பெண்களுக்கு ஊசி போட வேண்டியிருக்கும்.

ஸ்பாஞ்சிஃபார்ம் என்றால், வெந்த ஜவ்வரிசியைக் கிண்ணத்தில் கொட்டி மேலிருந்து பார்த்தது போல இருக்கும். பாதிக்கு மேல் குட்டிக்குட்டி நீர்ப்பைகள். இந்தத் தோற்றத்தில் புற்று இருப்பது மிக அரிது. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் 2017 அட்டவணையில் இதற்கு மொத்த மதிப்பெண்ணே பூஜ்யம், 32 ஆனாலும் 42 ஆனாலும் ஊசி இல்லை. மூச்சு முட்டினாலோ விழுங்கச் சிரமமாக இருந்தாலோ பெரிய கட்டியைக் கவனிக்க வேண்டும்தான், ஆனால் அது வேறு காரணம்.

இடது பக்கம்: சாலிட், அதாவது நீர்ப்பை இல்லாமல் கெட்டியாக இருந்தால் 2. ஹைப்போஎக்கோயிக், அதாவது கறுப்பாகத் தெரிந்தால் 2. மொத்தம் 4, ஆகவே டைராட்ஸ் 4. அந்த வகைக்கு ஊசி 15 மி.மீ.யிலிருந்துதான். உங்கள் அம்மாவுடையது 13. என் கணக்கில் ஒரு வருஷம் கழித்துத் திரும்ப ஸ்கேன் பார்த்தால் போதும். ஊசி கொஞ்சம் அவசரம்.

ஊசியால் பரவும் பேச்சைப் பற்றி: அப்படி நடந்ததாகப் பதிவானவை மிகமிகக் குறைவு. அந்தப் பயத்தை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள்.

பழைய புரோப் | 12-06-2024, காலை 5.50

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். "ஊசி அவசரம்" என்று எழுதியது தப்பு. என்ன தெரிந்தபிறகு அதை எழுதியிருக்க வேண்டுமோ அதைத் தெரிந்துகொள்ளாமலே எழுதிவிட்டேன்.

13 × 11 × 9 என்று போட்டிருக்கிறார்கள். இதில் எது எந்தத் திசை? 13 மேலிருந்து கீழாக, அதாவது நீளம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 11, 9. கழுத்தின் முன்தோலிலிருந்து முதுகெலும்பை நோக்கி உள்ளே போகும் அளவு 9, பக்கவாட்டு அளவு 11 என்றால் கட்டி படுத்திருக்கிறது. உள்ளே போகும் அளவு 11, பக்கவாட்டு 9 என்றால் கட்டி நிமிர்ந்து நிற்கிறது. அட்டவணையில் நிற்கும் கட்டிக்கு மட்டும் தனியாக 3 மதிப்பெண்.

4 உடன் 3 சேர்ந்தால் 7. அது டைராட்ஸ் 5. அங்கே ஊசிக்கு எல்லை 10 மி.மீ. அம்மாவின் கட்டி 13. நேற்று ராத்திரி "ஒரு வருஷம் பொறுக்கலாம்" என்றேன், இன்று காலை "ஊசி வேண்டும்" என்கிறேன். எண்கள் அதேதான், எந்த எண் எந்தத் திசை என்பது மட்டும்தான் தெரியவில்லை.

கண்ணு, ரிப்போர்ட்டில் படங்கள் இருக்கும். கழுத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்த படத்தைத் தேடு. நடுவில் மூச்சுக்குழல் பெரிய கறுப்பு வளையம்போல் தெரிகிறதே, அந்தப் படம்.

சேலம் ஜங்ஷன் | 12-06-2024, காலை 8.20

எனக்கும் தைராய்டுதான். டி.எஸ்.எச். 8 இருக்கிறது. 50 மைக்ரோகிராம் மாத்திரை. சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் போட வேண்டும்? கோஸ் சாப்பிடலாமா?

பழைய புரோப் | 12-06-2024, காலை 8.45

தம்பி, நீங்கள் வேறு பஸ் ஏறிவிட்டீர்கள். வெறும் வயிற்றில், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். காபியும் அதற்குப் பிறகுதான். வெந்த கோஸ் கூட்டு ஒன்றும் செய்யாது.

ஆனால் இவர் கேட்டதால் ஒன்று ஞாபகம் வந்தது. அம்மாவின் டி.எஸ்.எச். என்ன? இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்தால் ஊசி முடிவு மாறாது. ரொம்பக் குறைவாக இருந்தால் மட்டும் நில்லுங்கள். கட்டியே ஹார்மோனைச் சுரந்து தள்ளிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் முதலில் ஐசோடோப் ஸ்கேன். அதில் சூடான கட்டி, அதாவது ஹார்மோனைச் சுரக்கிற கட்டி என்று தெரிந்தால் பெரும்பாலும் ஊசி தேவைப்படாது.

அஸ்தம்பட்டிக்காரி | 12-06-2024, மதியம் 1.30

டி.எஸ்.எச். 2.9. படம் பார்த்தேன். இடது கட்டி இருக்கிற படம் இரண்டு. ஒன்றில் மூச்சுக்குழல் வளையம் இல்லை, கட்டி முட்டை மாதிரி படுத்திருக்கிறது, 13, 11 என்று கோடு போட்டிருக்கிறார்கள். வளையம் இருக்கிற இன்னொரு படத்தில் ஒரே ஒரு கோடுதான், குறுக்கே, 9. ரிப்போர்ட்டில் "உயரத்தைவிட அகலம் அதிகம்" என்று இருக்கிறது.

பழைய புரோப் | 12-06-2024, மதியம் 2.10

நான் பயந்ததேதான்.

வளையம் இல்லாத படம் நீள வாக்கில் எடுத்தது. அதில் 13 நீளம், 11 உள்ளே போகும் ஆழம். வளையம் இருக்கும் படத்தில் பக்கவாட்டு 9. ஆக ஆழம் 11, பக்கவாட்டு 9. கட்டி நிற்கிறது. ரிப்போர்ட் எழுதியவர் 13-ஐயும் 11-ஐயும் ஒப்பிட்டு "படுத்திருக்கிறது" என்று எழுதிவிட்டார். நீளத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. குறுக்கு வெட்டுப் படத்தில், ஆழத்தையும் பக்கவாட்டையும் மட்டும்தான் ஒப்பிட வேண்டும்.

தட்டுவடை செட்டைத் தட்டில் பரப்பி வைத்தால் பயமில்லை, அதே தட்டுவடையை விளிம்பில் நிறுத்தி வைத்திருந்தால் யார் இப்படி நிறுத்தினார்கள் என்று கேட்க வேண்டும். சாதாரணக் கட்டி திசுக்களின் படுக்கை வாட்டத்திலேயே பரவி வளர்கிறது, புற்று அந்த வாட்டத்தை மதிக்காமல் குறுக்கே வளர்கிறது என்று விளக்கம் சொல்வார்கள். புரோபால் அழுத்தினால் சாதுவானது நசுங்கிக் கொடுக்கும், கெட்டியானது கொடுக்காது என்பதும் சேர்ந்துகொள்கிறது. நிற்கிற கட்டி எல்லாம் புற்று இல்லை, படுத்திருக்கிற கட்டி எல்லாம் நல்லதும் இல்லை. ஆனால் நின்றால் சந்தேகம் நன்றாக ஏறும்.

ஒரு பழைய கதை. 2000-க்குப் பிறகு ஒரு வருஷம், சாயங்காலக் கூட்டம், வெளியே இருபது பேர். ஒரு டீச்சரம்மா. நீள வாக்குப் படத்தில் மட்டும் அளந்து அனுப்பிவிட்டேன். குறுக்கு வாக்கில் புரோபைத் திருப்ப அரை நிமிஷம்கூட ஆகாது, திருப்பவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வேறிடத்தில் கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் ஆகி நன்றாக இருக்கிறார். கோயிலில் பார்த்தால் சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

வெள்ளிப்பட்டறை | 12-06-2024, மாலை 6.00

அப்போ இடது வலது மாறவில்லை, குறுக்கு நெடுக்குதான் மாறியிருக்கிறது! நானும் பாதி சரி.

பழைய புரோப் | 12-06-2024, மாலை 6.12

கால்வாசி. ரிப்போர்ட்டை நம்பாமல் அந்த டாக்டர் படத்தையே பார்த்திருப்பார் போல.

கண்ணாடி ஸ்லைடு | 12-06-2024, இரவு 8.30

நான் நோய்க்குறியியல் படித்தவள், கட்டியிலிருந்து எடுத்த செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. ஒரு திருத்தம் ஐயா. டாக்டர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறவர் என்றால், சாலிட்டாகவும் கறுப்பாகவும் இருக்கும் கட்டி ஓரம் சீராகவே இருந்தாலும் நடுத்தரச் சந்தேகம். அங்கே 10 மி.மீ.யிலேயே ஊசி. கட்டி நின்றாலும் படுத்தாலும் இவருக்கு ஊசிதான். நீங்கள் சொன்னது ரேடியாலஜி கல்லூரியின் எல்லை. இரண்டும் ஒரே கட்டியைப் பார்த்து இரண்டு பதில் சொல்கின்றன.

பழைய புரோப் | 12-06-2024, இரவு 9.05

ஒப்புக்கொள்கிறேன். நான் ரேடியாலஜி அட்டவணையிலேயே ஊறியவன், அது தேவையில்லாத ஊசியைக் குறைக்கவே எல்லையைத் தூக்கி வைத்திருக்கிறது. ஹார்மோன் டாக்டர்கள் கொஞ்சம் முன்னாலேயே குத்துவார்கள். ஐரோப்பியர்களின் பட்டியலில் வேறு எண். ரிப்போர்ட்டில் வெறும் "டைராட்ஸ் 4" என்று மட்டும் எழுதினால் எந்த நாட்டு 4 என்றே தெரியாது. அதனால்தான் மதிப்பெண்ணைவிட, கட்டி எப்படி இருந்தது என்ற வர்ணனையை முழுசாக எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கண்ணு, ஊசிக்கு முன் ஸ்கேனை வேறு யாராவது ஒருமுறை பார்க்கட்டும். இரண்டு பக்கக் கழுத்து நெறிக்கட்டிகளையும் பார்க்கச் சொல். முதல் ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நெறிக்கட்டியில் வித்தியாசம் இருந்தால் முதல் ஊசி அதற்குத்தான் போகும்.

காப்பித் தோட்டம் | 13-06-2024, காலை 7.30

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். என் அத்தைக்கு முன்கழுத்து முழுக்க வீக்கம், ஐந்தாறு கட்டி. மலைத்தண்ணீரால் வருவது, பரம்பரையாக எங்கள் பக்கம் உண்டு, ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொல்வார்கள். இத்தனை கட்டி இருந்தால் புற்று இருக்காது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? போன வாரம் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஸ்கேன் எடுத்தோம். வாந்தி எடுத்ததுதான் மிச்சம், ரிப்போர்ட் ஒரு பக்கம் புரியவில்லை.

பழைய புரோப் | 13-06-2024, காலை 8.00

அது உண்மையில்லை. கட்டி நிறைய இருந்தால் ஒவ்வொரு கட்டிக்கும் சந்தேகம் குறையலாம், ஆனால் ஆள் மொத்தத்துக்கும் பார்த்தால் ஒற்றைக் கட்டிக்காரருக்கு இருக்கும் அளவுதான். ஐந்தில் பெரியதைக் குத்தக் கூடாது, ஐந்தில் மோசமாகத் தெரிவதைக் குத்த வேண்டும். ஒவ்வொன்றையும் தனியாக மதிப்பிட்டு ஒன்றோ இரண்டோ தேர்ந்தெடுப்பார்கள். இந்த இழையின் முதல் கேள்விக்கும் இதே பதில்தான்.

மலைத்தண்ணீர் விஷயம்: அயோடின் குறைவால் கழுத்து வீங்குவது மலைப் பகுதிகளில் பழைய கதை. அயோடின் உப்பு வந்தபிறகு நிலைமை மாறியது. அத்தை ஐம்பது தாண்டியவர் என்றால் சின்ன வயதில் வந்த வீக்கம் தங்கியிருக்கலாம். வாந்திக்கு இஞ்சி மரப்பா வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அஸ்தம்பட்டிக்காரி | 19-06-2024, இரவு 8.15

இரண்டாவது இடத்தில் எடுத்தோம். இந்த டாக்டரம்மா புரோபைப் பத்து நிமிஷம் கழுத்தில் வைத்துப் பார்த்தார். இடது கட்டி குறுக்கு வெட்டில் ஆழம் 11, அகலம் 9. "அகலத்தைவிட உயரம் அதிகம், டைராட்ஸ் 5." நெறிக்கட்டி இயல்பு. ஐயா சொன்னபடியே வந்தது.

ஆனால் புதுசாக ஒன்று: வலது பெரிய கட்டிக்குள் "சில வெண்புள்ளிகள்" என்று எழுதியிருக்கிறார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

வெள்ளிப்பட்டறை | 19-06-2024, இரவு 8.40

வெண்புள்ளி என்றால் கால்சியம். தைராய்டில் சின்னச் சின்னக் கால்சியம் இருந்தால் அது புற்று என்று படித்திருக்கிறேன். பெரிய கட்டிக்கும் ஊசி போடச் சொல்லுங்கள். பால் குடிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பழைய புரோப் | 19-06-2024, இரவு 10.30

பாலை விடுங்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நீங்கள் படித்தது அரைகுறையாக உண்மை, அதனால்தான் ஆபத்து. சாலிட் கட்டிக்குள் பொடிப்பொடியாக, பின்னால் வால் இல்லாமல் வெண்புள்ளி மின்னினால் அட்டவணையில் 3 மதிப்பெண். நிற்கும் கட்டிக்குக் கிடைக்கிற அதே 3. அந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

எல்லா வெண்புள்ளியும் கால்சியம் இல்லை, அதுதான் விஷயம். ஸ்கேனில் வெண்மை என்பது ஒலி திரும்பி வந்ததன் அடையாளம். குட்டி நீர்ப்பையின் பின்சுவரில் பட்டும் ஒலி பலமாகத் திரும்பும். அப்போது நீர்ப்பைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடோ புள்ளியோ தெரியும். ஜவ்வரிசி மாதிரிக் கட்டியில் நூறு பை இருந்தால் நூறு சுவர். நீர்ப்பைக்குள் கொலாய்டு என்கிற கெட்டியான பசை இருந்தாலும் வெண்புள்ளி வரும், ஆனால் அதற்குப் பின்னால் வால்நட்சத்திரம் மாதிரி ஒரு வால் தேய்ந்துகொண்டே கீழே போகும். நீர்ப்பையோடு ஒட்டிய அந்தப் பெரிய வால் நல்ல சகுனம், 0 மதிப்பெண். சாலிட் பகுதிக்குள் சின்ன வால் தெரிந்தால் மட்டும் வேறு கதை, அதை 3 மதிப்பெண் புள்ளியோடே சேர்ப்பார்கள்.

எப்படிப் பிரித்தறிவது? புரோபைக் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பேன். நீர்ப்பைச் சுவரென்றால் வெண்மை அந்தப் பையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு கோடாக நீளும், கோணம் மாற்றினால் மங்கும். கால்சியப் பொடி எந்தக் கோணத்திலும் புள்ளியாகவே நிற்கும், பக்கத்தில் நீர்ப்பை இருக்காது. நிலைத்த படத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். அதனால் உன் அம்மா படத்தை அனுப்பினாலும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கையில் புரோப் வைத்திருந்த டாக்டரம்மா வெண்புள்ளி என்று எழுதியபிறகும் வகையை மாற்றவில்லை அல்லவா?

அஸ்தம்பட்டிக்காரி | 19-06-2024, இரவு 10.50

மாற்றவில்லை. டைராட்ஸ் 1 என்றே இருக்கிறது.

பழைய புரோப் | 19-06-2024, இரவு 10.55

அப்படியானால் அவர் பின்சுவர் என்றுதான் பார்த்திருக்கிறார். "நீர்ப்பைச் சுவரின் பிரதிபலிப்பு" என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தால் உன் வயிறு கலங்கியிருக்காது. ஸ்கேன் டாக்டர்களிடம் (என்னிடமும்) இருக்கிற வியாதி இது.

பழைய புரோப் | 20-06-2024, காலை 6.15

ராத்திரி எழுதியதைத் திரும்பப் படித்தேன். என்னவோ புரோபைச் சாய்த்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்ற தோரணையில் எழுதியிருக்கிறேன். நிஜத்தில் வெண்புள்ளி விஷயத்தில் இரண்டு அனுபவசாலிகள் ஒரே கட்டியைப் பார்த்து வேறுவேறு சொல்வது சகஜம். நானே காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றும் சொல்லியிருக்கிறேன். சாலிட்டா நீர்ப்பையா என்பதில் அவ்வளவு சண்டை வராது. புள்ளியிலும் ஓரத்திலும்தான் வரும்.

கண்ணாடி ஸ்லைடு | 20-06-2024, காலை 9.00

ஊசி டெஸ்டுக்கு முன் ஒன்று. அம்மா ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குத்துகிற இடமாக இருக்கட்டும். 13 மி.மீ. கட்டியைக் கையால் தடவிக் குத்தினால் பக்கத்துத் திசுவில் போய் நிற்கும்.

எங்களுக்கு வேண்டியது ரொம்ப இல்லை. செல் கூட்டம் ஆறு, கூட்டத்துக்குக் குறைந்தது பத்து செல். அது இல்லாமல் வெறும் ரத்தத்தைப் பூசி அனுப்பினால் "போதவில்லை" என்று எழுதுவோம். அது "நல்லது" என்று அர்த்தமில்லை. நிறையப் பேர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அஸ்தம்பட்டிக்காரி | 02-07-2024, மாலை 5.20

முடிந்தது. அம்மா என்னைவிடத் தைரியம். மெல்லிய ஊசிதான், ரத்தம் எடுக்கிற ஊசியைவிடச் சன்னம். மூன்று முறை குத்தினார்கள். எச்சில் விழுங்காதே, பேசாதே என்றார்கள். அம்மா 54 வருஷத்தில் முதல்முறை பதினைந்து நிமிஷம் பேசாமல் இருந்தார் என்று அப்பா சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். ராத்திரி லேசாக வீக்கம், ஐஸ் வைத்தோம்.

அஸ்தம்பட்டிக்காரி | 08-07-2024, பகல் 12.10

ரிசல்ட்!!! "பெதஸ்டா 2, சாதாரணக் கட்டி." ஐந்து ரோட்டில் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிட்டான் தம்பி. இந்த இழையில் எழுதிய எல்லோருக்கும் ஒரு மாம்பழப் பெட்டி கடன்.

வெள்ளிப்பட்டறை | 08-07-2024, பகல் 12.30

அப்பாடா. நான் அப்பவே சொன்னேன் ஊசியே வேண்டாம் என்று.

சேலம் ஜங்ஷன் | 08-07-2024, பகல் 12.45

மல்கோவாவா, இமாம் பசந்தா? எனக்கு டி.எஸ்.எச். இப்போது 4.

பழைய புரோப் | 08-07-2024, மாலை 4.00

ஸ்வீட் சாப்பிடும்போது குறுக்கே வருகிறேன், திட்டாதே.

மதிப்பெண் 7 வாங்கிய கட்டிக்கு ஊசி "சாதாரணம்" என்று சொல்கிறது. பெரும்பாலும் ஊசி சொல்வதுதான் சரியாக இருக்கும். ஆனால் ஸ்கேனும் ஊசியும் ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது ஃபைலை மூடக் கூடாது. ஊசி முனை கட்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம், அல்லது கட்டியின் நல்ல மூலையில் மட்டும் எடுத்திருக்கலாம். ஸ்கேனில் சந்தேகம் அதிகமாக இருந்த கட்டிக்கு, முதல் ஊசி நல்லது என்று சொன்னாலும் 12 மாதத்துக்குள் ஸ்கேனும் ஊசியும் திரும்ப ஒருமுறை என்று ஸ்லைடு அம்மா சொன்ன அதே 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. இதே 2 பெரிய ஜவ்வரிசிக் கட்டிக்கு வந்திருந்தால் நானும் ஸ்வீட் கேட்டிருப்பேன்.

அஸ்தம்பட்டிக்காரி | 08-07-2024, மாலை 4.20

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது.

கண்ணாடி ஸ்லைடு | 08-07-2024, இரவு 9.10

"டாக்டர் இன்னொரு தடவை சரிபார்க்கச் சொல்கிறார்" என்று மட்டும் சொல்லுங்கள், அதுதான் உண்மையும். ஸ்லைடுகளை லேபில் கேட்டு வாங்கி வையுங்கள். தேவைப்பட்டால் இன்னொருவர் பார்க்கலாம்.

காப்பித் தோட்டம் | 22-09-2024, காலை 10.00

அத்தையின் ஆறு கட்டியில் நாலாவது பெரியதற்கு ஊசி போட்டார்கள். மற்றவை படுத்திருந்தன, அது மட்டும் ஓரம் கிழிந்த காகிதம் மாதிரி இருந்ததாம். ரிசல்ட் பெதஸ்டா 6, அதாவது புற்று. சேலத்திலேயே ஆபரேஷன் ஆகிவிட்டது, தையல் பிரித்தாயிற்று. கழுத்தில் வீக்கம் போனதில் அத்தைக்குச் சந்தோஷம், மாத்திரைதான் தினம் கசக்கிறதாம். மேலே ஏறி வரும்போது யாரும் வாந்தி எடுக்கவில்லை. இஞ்சி மரப்பாவுக்கு நன்றி ஐயா.

பழைய புரோப் | 22-09-2024, காலை 10.40

பெரிய மூன்றையும் தாண்டி நாலாவதைத் தேர்ந்தெடுத்த அந்த டாக்டருக்கு என் கும்பிடு.

அஸ்தம்பட்டிக்காரி | 17-04-2025, இரவு 7.50

ஒன்பது மாதம் ஆனதும் ஸ்கேன் எடுத்தோம். 14 × 11 × 9. ஒரு மி.மீ. வளர்ந்துவிட்டது ஐயா. தம்பி பதற்றத்தில் இருக்கிறான்.

பழைய புரோப் | 17-04-2025, இரவு 8.20

நான் ஒரே கட்டியைக் காலையில் 13 என்றும் மதியம் 14 என்றும் அளப்பேன், சாப்பிட்டுவிட்டு வந்தால் 12. வளர்ச்சி என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது இரண்டு திசையில் 20 சதவீதம், ஒவ்வொன்றும் 2 மி.மீ.யாவது கூடியிருக்க வேண்டும். இங்கே ஒரு திசையில் 1 மி.மீ. அது புரோப் வளர்ச்சி. இந்தக் காரணத்துக்காக ஊசி வேண்டாம், ஏற்கெனவே சொன்ன காரணத்துக்காக ஊசி போட வேண்டும்.

அஸ்தம்பட்டிக்காரி | 06-05-2025, காலை 11.30

இரண்டாவது ஊசியும் பெதஸ்டா 2. இந்தத் தடவை குத்தியவர் ஊசி முனை கட்டிக்குள் இருக்கும் படத்தையே எடுத்துக் கொடுத்தார்.

கண்ணாடி ஸ்லைடு | 06-05-2025, மதியம் 1.00

நல்லது. இரண்டு தடவை நல்லது என்று வந்துவிட்டால், புற்றுச் சந்தேகத்துக்காக அந்தக் கட்டியை இனித் தொடர்ந்து ஸ்கேன் செய்யத் தேவையில்லை என்றுதான் வழிகாட்டுதல். நான் இங்கே நிறுத்தச் சொல்வேன். வருஷாவருஷம் ஸ்கேன் என்று ஆரம்பித்தால் வருஷாவருஷம் ஏதாவது ஒரு வெண்புள்ளி வரும்.

பழைய புரோப் | 06-05-2025, மதியம் 1.45

விதி அதுதான், மறுக்கவில்லை. ஊசி முனை படமும் இருக்கிறது. ஆனாலும் நிற்கிற கட்டி நின்றுகொண்டேதான் இருக்கிறது. என் அம்மாவாக இருந்தால் இரண்டு வருஷம் கழித்து ஒரே ஒருமுறை பார்ப்பேன்.

கண்ணாடி ஸ்லைடு | 06-05-2025, மதியம் 1.50

அது டீச்சரம்மா பேசுகிறார் ஐயா, நீங்கள் இல்லை.

பழைய புரோப் | 06-05-2025, மதியம் 2.30

இருக்கலாம்.

அஸ்தம்பட்டிக்காரி | 06-05-2025, இரவு 9.00

எங்கள் டாக்டரிடம் இரண்டையும் காட்டினேன். சிரித்துவிட்டு, "அம்மாவையே கேளுங்கள்" என்றார். அம்மா யோசித்துவிட்டு வருஷக் கணக்கெல்லாம் பிறகு பார்க்கலாம், இப்போது வலது பக்கக் கட்டி புடவை கட்டும்போது அசிங்கமாகத் தெரிகிறது, அதற்கு என்ன வழி என்கிறார்.